"எட்டு கோடி வேல்யுவேஷன்" என்று வாயால் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

கோவையில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து, தோட்டத்து மோட்டாரை செல்போனில் போட்டு நிறுத்தும் கருவி செய்கிறோம். முதலீடு வாங்கும்போது எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். அந்த முதலீட்டு நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

பீளமேட்டில் ஒரு ஹோட்டலில் பேச்சு நடந்தது. அவர்களுடைய ஆள் சொன்னது இவ்வளவுதான்: "உங்க கம்பெனிக்கு எட்டு கோடி வேல்யுவேஷன் தர்றோங்க. ரெண்டு கோடி போடறோம்." நாங்கள் சந்தோஷமாகக் கை கொடுத்தோம். இன்றைக்கு எங்கள் கம்பெனியின் மதிப்பு எட்டு கோடி, அதோடு அவர்கள் பணம் இரண்டு சேர்ந்தால் பத்து, ஆக அவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம். எங்கள் கணக்கு இதுதான். நாங்கள் இந்தக் கணக்கை அவர் எதிரிலேயே பேசிக்கொண்டோம். அவர் மறுக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து, முதலீட்டின் நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் வந்தது. அன்னூர் வீட்டில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா கூட்டுக் கிணற்றில் பங்குக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவர். "அஞ்சுல ஒரு பங்குன்னு சொன்னியே கண்ணு, இங்க நாலுல ஒண்ணுன்னு போட்டிருக்குது?" என்றார். அதன்பிறகுதான் நான் உற்றுப் பார்த்தேன். எட்டு கோடி என்பதற்கு முன்னால் 'போஸ்ட்-மணி' என்று இருந்தது. அதாவது அவர்கள் போடும் இரண்டு கோடியும் அந்த எட்டுக்குள்ளேயே அடக்கம். பணம் வருவதற்கு முந்தைய மதிப்பான ப்ரீ-மணி ஆறு கோடிதான். எட்டில் இரண்டு 25 சதவீதம்.

அதோடு முடியவில்லை. அடுத்த பக்கத்தில், ஊழியர்களுக்குப் பிற்பாடு பங்கு கொடுக்க 10 சதவீதம் ஒதுக்கி வைக்க வேண்டும், அதை முதலீடு வருவதற்கு முன்பே உருவாக்க வேண்டும் என்று ஒரு வரி. இதைத்தான் ஆப்ஷன் பூல் என்கிறார்கள். பூல் வைப்பதில் தப்பில்லை, எல்லா இடத்திலும் கேட்பார்கள். ஆனால் 'முன்பே' என்ற சொல்லால் அந்தப் பத்தும் முழுசாக எங்கள் பங்கிலிருந்தே போனது. பணம் வந்த பிறகு உருவாக்கியிருந்தால் அவர்களுடைய 25-உம் 22.5 ஆகக் குறைந்திருக்கும், எங்களுக்கு 67.5 நின்றிருக்கும். இப்போது எங்களுக்கு 65.

பங்கு எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் இருவரிடமும் மொத்தம் 10,000 பங்கு இருந்தது. நாங்கள் நினைத்த கணக்குப்படி ஒரு பங்கு 8,000 ரூபாய், அவர்களுக்கு 2,500 பங்கு போகும். அவர்கள் கணக்கில் எங்கள் 10,000 பங்கு 65 சதவீதம் என்றால் மொத்தம் 15,384 பங்கு; எட்டு கோடியை அதால் வகுத்தால் ஒரு பங்கு 5,200 ரூபாய்தான்; அவர்களுக்கு 3,846, பூலுக்கு 1,538. எங்கள் 10,000 பங்கை 5,200-ஆல் பெருக்கினால் 5.2 கோடி. எங்கள் கம்பெனிக்கு அவர்கள் உண்மையில் கொடுத்த விலை அதுதான். எட்டும் இல்லை, ஆறும் இல்லை.

போன் செய்து கேட்டேன். "நாங்க எப்பவுமே போஸ்ட்-மணிதாங்க பேசுவோம், எல்லாருக்கும் தெரியும்" என்றார். அப்படித் தெரியும் என்றால் ஹோட்டலில் நாங்கள் 20 சதவீதம் என்று பேசியபோதே சொல்லியிருக்கலாமே? எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

விலகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டெர்ம் ஷீட் வருவதற்கு முன்பே, வழக்கமான காகிதம்தான் என்று சொல்லி ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 60 நாள் வேறு யாரிடமும் முதலீடு பேசக் கூடாது என்பது அதில் இருந்தது. டெர்ம் ஷீட்டில் போடும் விலை பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் இந்த மாதிரி நிபந்தனை கட்டுப்படுத்தும். அப்போது எங்களிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருந்தது. சர்க்யூட் போர்டு கொடுத்தவருக்கும் பாக்கி. பூலையாவது குறைக்கச் சொன்னோம். அடுத்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் எடுக்கப்போகிற ஆட்களைக் கணக்கிட்டால் 4 சதவீதமே போதும் என்று பட்டியல் போட்டுக் காட்டினோம். 7-க்கு இறங்கி வந்தார்கள். எங்களுக்கு 68 சதவீதம் என்று கையெழுத்துப் போட்டோம்.

அதே ஆள் இப்போது திருப்பூர்ப் பக்கம் சிலரிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன். வேல்யுவேஷன் என்று ஒரு தொகை காதில் விழுந்தால், அன்று சாயங்காலமே ஒரு மெயில் போடுங்கள். அது ப்ரீ-மணியா போஸ்ட்-மணியா, பூல் எவ்வளவு, அது யார் பங்கிலிருந்து போகிறது, ஒரு பங்கு என்ன விலை என்று கேளுங்கள். பணம் வந்த மறுநாள் யாரிடம் எத்தனை பங்கு இருக்கும் என்பதை, பூலையும் சேர்த்து, கேப் டேபிளாகவே அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை, வேறு யாரிடமும் பேசக் கூடாது என்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.