போன வருட எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஆண்டறிக்கைச் சுருக்கக் குறிப்புக்கு மூன்று வழிகள்

ஒரு பக்கக் குறிப்பில் வருவாய், நிகர லாபம், ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் என்று சொல்லும் இபிஎஸ் என நான்கைந்து எண்களும் அவை போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் மாறின என்பதும் இருந்தால் போதும். நடப்பு ஆண்டின் எண்ணை எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் குறிப்பு தவறிப்போகிறது. ஒப்பிடும் எண்ணை மூன்று இடங்களிலிருந்து எடுக்கலாம்: அறிக்கையின் முகப்பில் உள்ள சாதனைப் பக்கங்கள், போன வருட ஆண்டறிக்கை, இந்த வருடத் தணிக்கை அறிக்கைக்குப் பின்வரும் நிதிநிலை அட்டவணையின் இரண்டாம் பத்தி. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸின், துணை நிறுவனங்களையும் சேர்த்த 2024-25 ஒருங்கிணைந்த கணக்கை வைத்தே மூன்றையும் பார்க்கலாம்.

முகப்புப் பக்கம் வேகமானது. பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் எந்த எண்ணை முன்னால் வைப்பது என்பதை அங்கே நிறுவனமே தீர்மானிக்கிறது. ரிலையன்ஸ் முன்னிறுத்திய வருவாய் 10,71,174 கோடி ரூபாய்; அதில் வாடிக்கையாளரிடம் வசூலித்த ஜிஎஸ்டியும் உண்டு. லாப நட்டக் கணக்கில் ஜிஎஸ்டியைக் கழித்த பிறகு ‘செயல்பாட்டு வருவாய்’ 9,64,693 கோடி. இரண்டுமே சரியான எண்கள்தான். முன்னதை எடுத்து லாப விகிதம் கணக்கிட்டால் விகிதம் குறைவாக வரும். ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் வருவாய் சொல்லும் இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பிடவும் முடியாது.

லாபத்தில் இடைவெளி இன்னும் முக்கியமானது. மொத்த நிகர லாபம் 79,020 கோடியிலிருந்து 81,309 கோடியானது, 2.9% உயர்வு. ஆனால் துணை நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கும் வெளியாரின் பங்கைக் கழித்தால், ரிலையன்ஸ் பங்குதாரருக்கு உரியது 69,621 கோடியிலிருந்து 69,648 கோடி. ஏறக்குறைய மாற்றமே இல்லை. குறிப்பைப் படிப்பவர் பங்குதாரரின் பார்வையில் பார்க்கிறார் என்றால் இரண்டாவது எண்தான் தேவை. அது லாப நட்டக் கணக்கில் நிகர லாபத்துக்குக் கீழே, ‘உரிமையாளர்களுக்கு உரியது’ என்ற வரியில் இருக்கும். பலர் அதுவரை இறங்குவதில்லை.

இரண்டாவது வழி, இரு வருட அறிக்கைகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. மிகவும் நேர்மையான வழியாகத் தோன்றும். ஆனால் மூன்றில் அதிக ஆபத்து இதில்தான். 2023-24 அறிக்கையில் ரிலையன்ஸின் இபிஎஸ் 102.90 ரூபாய். 2024-25 அறிக்கையில் 51.47 ரூபாய். நேராக ஒப்பிட்டால் 50% சரிவு. உண்மையில் 2024 அக்டோபரில் ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவச போனஸாகத் தரப்பட்டதால் பங்குகளின் எண்ணிக்கை இரட்டித்தது, அவ்வளவுதான். போனஸ், பங்குப் பிரிப்பு நடந்தால் முந்தைய வருட இபிஎஸ்ஸையும் திருத்திக் காட்ட வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரம் 33. அந்தத் திருத்தம் புது அறிக்கையின் இரண்டாம் பத்தியில் மட்டுமே இருக்கும். பழைய அறிக்கை அச்சானபடியே கிடக்கும்.

ஆகவே மூன்றாவது வழியை அடிப்படையாகக் கொள்வதே சரி: இரண்டு எண்களையும் இந்த வருட ஒருங்கிணைந்த அட்டவணையின் இரு பத்திகளிலிருந்தே எடுப்பது. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது நடுவில் உள்ள ‘குறிப்பு எண்’ பத்தி ஒரு தொகையைப் போல நுழைந்துவிடும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் நஷ்டம் லாபமாக மாறிவிடும். ஒட்டியபின் கூட்டுத்தொகை அச்சில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சதவீதத்துக்கு இது போதும்:

```
=IF(C2>0, B2/C2-1, "-")
```

B2-வில் இந்த வருடம், C2-வில் போன வருடம். அது நஷ்டமாக இருந்தால் சதவீதத்துக்குப் பொருளில்லை. ‘நஷ்டத்திலிருந்து லாபம்’ என்று எழுதிவிடலாம்.

இந்த வழிக்கும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு பிரிவு தனியே பிரிக்கப்பட்டால் முந்தைய வருட லாப நட்டக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டுக் காட்டுவார்கள். முந்தைய இருப்புநிலைக் குறிப்பை அப்படி மாற்றுவதில்லை. ஐடிசி ஓட்டல் தொழிலை 2025 ஜனவரி 1 முதல் பிரித்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணில் பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு: போன வருட வருவாய் 8,000 கோடி, வரவேண்டிய பாக்கி 800 கோடி என்றால், பாக்கியை வருவாயால் வகுத்து 365-ஆல் பெருக்க, வசூல் நாட்கள் 36.5. 900 கோடி வருவாய் உள்ள பிரிவு போனபின் வருவாய் 7,100 என்று திருத்தப்படும். பாக்கி 800 என்றே நிற்கும். இப்போது 41 நாட்கள் வரும். இந்த வருடம் மறுபடி 36 வந்தால், நடக்காத முன்னேற்றத்தைக் குறிப்பு அறிவிக்கும். லாப நட்டக் கணக்கின் எண்ணும் இருப்புநிலைக் குறிப்பின் எண்ணும் கலக்கும் இத்தகைய விகிதங்களுக்கு மட்டும் பழைய அறிக்கைதான் துணை: போன வருட விகிதத்தை முழுக்க அதிலிருந்தே எடுத்து, ‘பிரிவினைக்கு முன்’ என்று பக்கத்தில் எழுதுங்கள்.

திருத்தம் நடந்ததா என்று கண்டுபிடிக்க வழி எளிது. பழைய அறிக்கையின் நடப்பு ஆண்டு வருவாய், வரிக்குப் பிந்தைய லாபம், இபிஎஸ் மூன்றையும் புது அறிக்கையின் இரண்டாம் பத்தியோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் காரணம் கணக்குக் குறிப்புகளில் இருக்கும். அதை ஒரு வரியில் எழுதாமல் சதவீதத்தை மட்டும் அனுப்பாதீர்கள்.