திருப்பாவை புத்தகம் போடறீங்களா? பாட்டுக்குக் கீழ என்ன போடலாம், எது வேஸ்ட்

மார்கழிக்கு கோஷ்டில கையில வெச்சுக்க திருப்பாவை சின்ன புத்தகமா அடிக்கணும், ஒவ்வொரு பாசுரத்துக்கும் கீழ அர்த்தமும் உச்சரிப்பும் இருக்கணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. நல்ல ஐடியாதான், ஆனா அதுல நாலஞ்சு வழி இருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. முதல் பாசுரத்தை மட்டும் வெச்சே பார்த்துடலாம்.

முதல்ல மூலத்தையே எப்படி அச்சடிக்கறதுன்னு முடிவு பண்ணணும், சீர் பிரிச்சா பதம் பிரிச்சா. சீர் பிரிச்சா நாலாவது அடி "கூர்வேல் கொடுந்தொழிலன் நந்தகோ பன்குமரன்"னு வரும். நந்தகோபன்ங்கற பேரு நடுவுல உடைஞ்சுடும். அது அச்சுப்பிழை இல்ல, தளை தட்டாம இருக்க அப்படித்தான் பிரிக்கணும், இதுக்கு வகையுளின்னு பேரு. ஆறாவது அடியும் இப்படித்தான், "கதிர்மதியம் போல்முகத்தான்"னு சீர் பிரிச்சா மதியத்தோட சேர வேண்டிய "போல்" முகத்தோட ஒட்டிக்கும். யாப்பு படிக்கறவங்களுக்கு இது வேணும், ஆனா கோஷ்டில புதுசா சேர்ந்தவங்க இதைப் பார்த்தா "நந்தகோ"ன்னு நிறுத்தி மூச்சு வாங்கிட்டு "பன்குமரன்"னு ஆரம்பிப்பாங்க, கேட்டாலே தெரியும் எந்த புத்தகம் வெச்சிருக்காங்கன்னு. அதனால என் ஓட்டு பதம் பிரிச்ச மூலத்துக்குத்தான், சீர் உடையற இடத்துல மட்டும் ஒரு சின்ன கோடு போட்டா போதும்.

அடுத்து அர்த்தம். இங்கதான் பதவுரைக்கும் பொழிப்புரைக்கும் சண்டை. பதவுரைல சொல்லுக்குச் சொல் அர்த்தம் கிடைக்கும், ஆனா பழைய முறைல போட்டா வரிசை மாறிடும். பாட்டு மார்கழித் திங்கள்னு ஆரம்பிக்கும், பதவுரையோ வாக்கியம் சரியா வரணும்னு மூணாவது அடில இருக்கற "சீர் மல்கும் ஆய்ப்பாடி"ல இருந்து சிறுமீர்காளைக் கூப்பிட்டுட்டு அப்புறம் மேல ஏறும். பாடிட்டே கீழ கண்ணை ஓட்டறவங்களுக்கு எங்க இருக்கோம்னே புரியாது. இடமும் நிறைய பிடிக்கும், எட்டு அடி பாட்டுக்கு முழு பதவுரை போட்டா சின்ன புத்தகத்துல அடுத்த பக்கத்துக்குப் போயிடும், பாடற நடுவுல பக்கம் புரட்டற சத்தம்தான் கேக்கும்.

பொழிப்புரை நாலு வரில முடிஞ்சுடும். ஆனா அது வழுக்கிட்டுப் போயிடும். "கொடுந்தொழிலன்"ங்கறதை எடுத்துக்கோங்க, கண்ணனோட அப்பாவை ஏன் கொடுமையான தொழில் செய்யறவர்னு ஆண்டாள் சொல்றான்னு கேள்வி வரணும், குழந்தைக்கு ஆபத்துன்னா எதிரி மேல கொடூரமா பாயற அப்பான்னு உரைகாரங்க சொல்ற பதிலும் கிடைக்கணும். பொழிப்புரைல வெறும் "வீரம் மிக்க நந்தகோபன்"னு மழுப்பிட்டா ரெண்டுமே போச்சு.

நான் எடுக்கறது நடுவழி, மூணு வரி பொழிப்புரை, அதுக்குக் கீழ இடறக்கூடிய சொல் மட்டும் பாட்டு வரிசைலயே. முதல் பாசுரத்துக்கு போதுமினோ (வாங்க), நேரிழையீர் (நல்ல நகை போட்டவங்களே), கொடுந்தொழிலன், ஏரார்ந்த (அழகு நிறைஞ்ச), பறை, இவ்வளவுதான். ரெண்டாவது பாசுரத்துல "தீக்குறளை"க்கு கட்டாயம் குறிப்பு வேணும், கோள் சொல்றதைத்தான் அது சொல்லுது, இல்லாட்டி திருக்குறளை ஏன் ஓதக்கூடாதுங்கறாங்கன்னு யாராவது கேப்பாங்க, சத்தியமா கேப்பாங்க.

உச்சரிப்பு யாருக்குன்னு யோசிங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு பாட்டு முழுக்க தேவையே இல்ல. வெளிநாட்டுல வளர்ற, தமிழ் எழுத்து தெரியாத பசங்களுக்குத்தான் வேணும். அவங்களுக்கு ஆராய்ச்சிக்காரங்க பயன்படுத்தற புள்ளி வெச்ச ரோமன் எழுத்தைப் போட்டா `mārkaḻi`ன்னு வரும், எழுத்துக்கு எழுத்து துல்லியம், ஆனா பையன் பார்த்தா "மார்க்கலி"ம்பான். காரணம் அது எழுத்தைக் காட்டுதே தவிர, ரகரத்துக்கு அப்புறம் ககரம் மெலிஞ்சு ஒலிக்கறதைக் காட்டாது. சாதாரணமா நாம டைப் பண்ற `maargazhi` அந்த ஒலியைக் காட்டும், ஆனா அதுல ல, ள வித்தியாசம் காணாமப் போயிடும். "நன்னாளால்"ல ரெண்டும் அடுத்தடுத்து இருக்கு, `nannaaLaal`னு ளகரத்துக்குப் பெரிய எழுத்து போட்டா சரியாயிடும், ணகரத்துக்கும் அதே மாதிரி `N`. ழகரத்துக்கு எந்த எழுத்து போட்டாலும் வேலைக்கு ஆகாது, யாராவது சொல்லிக்காட்டணும், இல்ல ஒரு ஆடியோ லிங்க்கை முதல் பக்கத்துல போட்டுடுங்க. ரோமன் வரிகளைத் தமிழ் வரிகளுக்கு நடுவுல மட்டும் நுழைக்காதீங்க, எதிர்ப்பக்கத்துல தனியா போடுங்க, இல்லேன்னா ரெண்டு கூட்டமும் தடுமாறும்.

கடைசி வரில வர்ற "ஏலோர் எம்பாவாய்" முதல் இருபத்தொம்பது பாசுரத்துலயும் வரும், முப்பதாவது மட்டும் "இன்புறுவர் எம்பாவாய்"னு முடியும். சிலர் "ஏலோர்"ங்கறதை வெறும் அசைன்னு விட்டுடுவாங்க, சிலர் ஏல், ஓர்னு பிரிச்சு "ஏத்துக்கோ, நினைச்சுப் பாரு"ன்னு அர்த்தம் சொல்வாங்க. ரெண்டையும் முதல் பாசுரத்துக்குக் கீழ ஒரே ஒரு தடவை எழுதிட்டு, மிச்ச பாசுரங்கள்ல அந்த இடத்தை காலியா விட்டுடுங்க.