ஒரே கை: 80, 72, 10

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டு ரம்மி தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, 101 எட்டினால் ஆட்டத்திலிருந்து வெளியே. காசு கிடையாது, தோற்றவர் மறுநாள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். புள்ளிக் கணக்கு எழுதும் நோட்டு சித்தப்பாவிடம் இருக்கிறது. அதில் என் பெயருக்குக் கீழே முதல் இரண்டு ஆண்டுகளைப் புரட்டினால் 80, 80 என்றுதான் வரும். இத்தனைக்கும் அப்போதே ‘பெரிய சீட்டை முதலில் கழி’ என்ற பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன். ராஜா, ராணி, ஜாக்கி வந்த வேகத்தில் போய்விடும். பிறகும் ஃபுல், அதாவது முழு 80, ஏன் வந்தது என்பது புரியவே எனக்கு நெடுநாள் ஆனது.

எதிராளி கையை முடித்து ஷோ காட்டியதும் மற்றவர்கள் கையில் சேராத சீட்டை எண்ணுகிறோம். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கிக்குத் தலா 10, எண் சீட்டுக்கு அதன் எண், ஜோக்கருக்குச் சுழி. சில வீடுகளில் ஏஸுக்கு 1 தான், அதை உட்காரும்போதே பேசிவிடுவது நல்லது. எவ்வளவு கூடினாலும் 80க்கு மேல் எழுதுவதில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ‘சேராத சீட்டு’ எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகள்தான் வரிசை; ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்று, அதாவது முதல் ரம்மி, இல்லாவிட்டால் கையில் எதுவுமே சேர்ந்ததாகக் கணக்கில்லை. முதல் ரம்மி இருந்து இரண்டாவது வரிசை இல்லையென்றால் அந்த முதல் ரம்மி மட்டும் தப்பும். மூன்று ராஜா, மூன்று ஒன்பது என்று செட்டு எத்தனை இருந்தாலும் அவை வெறும் எண்ணிக்கைதான். இரண்டு வரிசையும் வந்த பிறகே செட்டுக்கு மதிப்பு.

போன மாதம் எனக்கு வந்த கையைச் சொல்கிறேன். அன்று ஜோக்கராகத் திருப்பிய சீட்டு 6. என்னிடம் ராஜா மூன்று இனத்தில், 9 மூன்று இனத்தில், டைமன் 4, 5, ஆட்டின் 2, 3, அச்சு ஜோக்கர் ஒன்று, இவை போகக் கிளாவர் ராணியும் இஸ்பேட் 7ம். பார்க்க அழகான கை. இரண்டு செட்டு முடிந்துவிட்டது, ஜோக்கரை டைமன் 4, 5 உடன் வைத்தால் ஒரு வரிசையும் ஆகிவிட்டது. மீதி 2, 3, ராணி, 7; மிஞ்சிப்போனால் 22 என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் அந்த நிமிடம் யாராவது ஷோ காட்டியிருந்தால் ராஜா 30, ஒன்பது 27, டைமன் 9, ஆட்டின் 5, ராணியும் ஏழும் 17, ஆக 88. நோட்டில் 80.

அடுத்த முறை கட்டிலிருந்து எடுத்தது டைமன் 6. அன்றைய ஜோக்கரே அதுதான் என்பதால் அதை எங்கே ஒட்டலாம் என்று பார்க்கத் தோன்றும். ஆனால் ஜோக்கர் சீட்டு தன் சொந்த இனத்தில், தன் சொந்த இடத்தில் உட்கார்ந்தால் அது வெறும் ஆறு. டைமன் 4, 5, 6 அசல் வரிசை. இஸ்பேட் 7ஐக் கழித்தேன். அச்சு ஜோக்கர் ஆட்டின் 2, 3 பக்கம் நகர்ந்து இரண்டாவது வரிசை ஆனது. இரண்டு செட்டும் உயிர் பெற்றன. அந்தச் சுற்றிலேயே எதிரே இருந்த அத்தை ஷோ காட்டினார். என் கணக்கு கிளாவர் ராணி மட்டும், 10.

இதே கையை நான் கைப்பேசியில் ஆடியிருந்தால் தொலைந்திருப்பேன் என்று அப்புறம் தோன்றியது. 2025இல் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகு அங்கே நான் இலவச ஆட்டம்தான் ஆடுகிறேன். எதிராளி முடித்ததும் சீட்டை அடுக்கச் சில வினாடிகள்தான் கிடைக்கின்றன. அந்த அவசரத்தில் அச்சு ஜோக்கரை ராஜாக்களோடு வைத்துவிட்டால் இரண்டாவது வரிசை இல்லை. டைமன் மட்டும் தப்பி, மற்றதெல்லாம் கூடி 72. சீட்டு மாறவில்லை, ஜோக்கர் உட்கார்ந்த இடம்தான் மாறியது. இப்படி ஒரு முறை உண்மையாகவே வாங்கிய பிறகு, என் முறை வராத நேரத்திலும் சீட்டை அடுக்கிவைத்தே ஆடுகிறேன். ஜோக்கர் முதலில் வரிசைக்கு. செட்டுக்குப் போவது மிஞ்சினால்தான்.

இனி அந்தப் பழைய பாடத்துக்கு வருகிறேன். ஏஸுக்கு 10 என்று வைத்து ஓர் இனத்தின் 13 சீட்டையும் கூட்டினால் 94 வருகிறது. ஆகவே முதல் ரம்மி இல்லாத கை பெரும்பாலும் 80ஐ ஒட்டியோ தாண்டியோதான் நிற்கும். மேலே சொன்ன 88 கையில் ஒரு ராஜாவைக் கழித்து 3 எடுத்தால் 81. நோட்டில் அப்போதும் 80தான். ராஜாவைக் கழித்ததில் எனக்கு ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. பெரிய சீட்டைக் கழிப்பது பலன் தருவது முதல் ரம்மி சேர்ந்த பிறகுதான். அப்போது மீதி பத்து சீட்டில் குறைக்கும் ஒவ்வொரு எண்ணும் நோட்டில் தெரியும். அதற்கு முன் ராணி, ஜாக்கி ஒரே இனத்தில் இருக்க அவற்றைப் பயந்து கழித்து, 2ம் 4ம் பிடித்துக்கொண்டிருந்ததுதான் என் தவறு. தனியாக நிற்கும் ராஜாவைக் கழிப்பதில் தப்பில்லை. அதற்கு மேலே ஏஸ் ஒன்றுதான் துணை, 7க்கு இருபுறமும் தாராளமாகக் கிடைக்கும்; காரணம் அதுதான், அதன் பத்துப் புள்ளி அல்ல.

முதல் ரம்மி வரவே போவதில்லை என்று தெரிந்தால் ஸ்கூட், அதாவது அந்த ஆட்டத்தை விட்டுவிடுவது. சீட்டு எடுக்கும் முன்பே விட்டால் 20, நடுவில் விட்டால் 40. நான்கைந்து சுற்று போன பின்னும் கையில் அசல் வரிசைக்கு இரண்டு சீட்டுகூட ஒட்டி நிற்கவில்லை, எதிராளியோ கழித்த சீட்டில் கை வைக்காமல் கட்டிலிருந்தே எடுத்து, எடுத்ததையே கழிக்கிறார் என்றால் அவர் ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். 40 கொடுத்துவிடுவேன். முன்பு இதை மானக்கேடு என்று நினைத்தவன்தான். ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது: நோட்டில் ஏற்கெனவே 61 இருந்தால் நடுவில் விட்டாலும் 101, வெளியேதான். அந்த நிலையில் முதலிலேயே 20 கொடுத்து விலகு, இல்லையேல் கடைசிவரை ஆடு, நடுவழி கிடையாது. சித்தப்பா போன வாரம் 63இல் நடுவில் விட்டார், கணக்கு நோட்டு அவர் கையிலேயே இருந்தும். பஜ்ஜி வாழைக்காயா வெங்காயமா என்று அத்தை கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.