மின்படகு வாங்கப் போகிறீர்களா? நீரோட்டத்தோடு ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள்

ஆற்றில் ஆட்களை ஏற்றி இறக்கும் சிறிய படகை டீசலிலிருந்து மின்மோட்டாருக்கு மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் படகுச் சங்கம் ஒரு விற்பனையாளரிடம் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வாங்கியது. பணம் முழுவதும் போய்விட்டது. படகு பாதி நாள்தான் ஓடுகிறது. எதிர்காற்று அடித்தால் அதுவும் இல்லை. அவர்கள் காட்டிய கணக்கு எங்கே எங்களை ஏமாற்றியது என்பதை விரிவாகச் சொல்கிறேன். இதே கணக்கை வேறு இடங்களிலும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இந்தப் பதிவு.

எங்கள் படகு நீர்மட்டத்தில் 10 மீட்டர் நீளம். 20 பேர் ஏறினால் மொத்த எடை சுமார் 6 டன். மேல்துறைக்கும் கீழ்த்துறைக்கும் இடையே 2 கிலோமீட்டர், ஒரு நடைக்கு 15 நிமிடம். அதாவது கரையிலிருந்து பார்த்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஒரு நாளைக்கு 8 முறை போய்வர வேண்டும். சாதாரண நாட்களில் ஆற்றின் ஓட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர். இந்த விவரங்கள் அத்தனையும் எழுத்தில் கொடுத்திருந்தோம்.

விற்பனையாளர் ஒரு மாதிரி ஓட்டம் காட்டினார். படகில் மூன்றே பேர். மேல்துறையிலிருந்து கீழ்த்துறைக்கு ஓட்டினார். கைபேசியில் ஜிபிஎஸ் வேகம் 8 என்று காட்டியது, கன்ட்ரோலர் மீட்டர் 600 வாட் என்று காட்டியது. "பாத்தீங்களாண்ணே, 8 கிலோமீட்டர் வேகத்துக்கு 600 வாட்தான். ஒரு நடைக்கு கால் மணி நேரம், மொத்தம் 16 தடவை, 4 மணி நேர ஓட்டம், 2.4 யூனிட். நான் உங்களுக்கு 9.6 யூனிட் பேட்டரி தர்றேன், நாலு மடங்கு. மோட்டார் 5 கிலோவாட், எட்டு மடங்கு" என்றார். திரும்பி மேலே வருவதைக் காட்டச் சொன்னபோது, வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று துறையிலேயே இறங்கிக்கொண்டார். பொறுப்பில் இருந்தவர்கள் நாலு மடங்கு என்ற வார்த்தையில் கையெழுத்துப் போட்டார்கள்.

இதில் மீட்டர் காட்டிய எண் எதுவும் பொய் இல்லை. அதுதான் ஆபத்து. ஜிபிஎஸ் சொல்வது கரையை ஒப்பிட்ட வேகம். மோட்டாருக்குக் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது தண்ணீரோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஓட்டம் 2 கிலோமீட்டர் தள்ளிக் கொடுக்கும்போது, தண்ணீருக்குள் படகின் வேகம் வெறும் 6. அதே படகு மேல்நோக்கி வரும்போது கரையில் 8 வர வேண்டுமானால் தண்ணீருக்குள் 10 போயாக வேண்டும். 6க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். மோட்டாருக்கு அது ஆறு மடங்கு.

ஏன் ஆறு மடங்கு? படகின் அடிப்பாகத்தில் தண்ணீர் உரசும் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ ஏற்ப ஏறும். அதோடு படகு எழுப்பும் அலைக்கும் விசை போகிறது. வேகம் கூடக்கூட இந்தப் பங்கு இன்னும் செங்குத்தாக ஏறும். அந்த விசையை மறுபடியும் வேகத்தால் பெருக்கினால்தான் திறன் கிடைக்கும். ஆகவே 10 மீட்டர் படகுக்கு 6லிருந்து 10க்குப் போகும்போது, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கும் மேலாகவே திறன் தேவை ஏறுகிறது.

இதைச் சூத்திரத்தால் மட்டும் நம்ப வேண்டியதில்லை, அளந்துவிடலாம். 1871இல் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் கிரேஹவுண்ட் என்ற கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்க வைத்து, கயிற்றில் விழும் விசையை அளந்தார். நாங்களும் அதைத்தான் செய்தோம். 20 பேர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, மின்மோட்டாரின் புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு டீசல் படகால் நீளமான கயிற்றில் இழுத்தோம். கயிறு நீளமாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் முன்படகு கிளப்பும் தண்ணீர் பின்படகில் அடித்து அளவு கெட்டுவிடும். கயிற்றின் நடுவே ஒரு டிஜிட்டல் கொக்கித் தராசு. ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டத்தோடு ஒருமுறை, எதிராக ஒருமுறை. எதிரெதிர் ஓட்டங்களில் தராசு ஒரே எண்ணைக் காட்டினால், இரண்டு ஜிபிஎஸ் வேகங்களின் சராசரிதான் தண்ணீருக்குள் படகின் உண்மையான வேகம்.

தண்ணீர் வேகம் 6இல் தராசு 18 கிலோ காட்டியது. 8இல் 37 கிலோ. 10இல் 66 கிலோ. 12க்கு ஏற்றிப் பார்த்தபோது 117 கிலோ. அந்த வேகத்தில் முன்பக்க அலை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. எங்கள் படகு அதற்குமேல் போக நினைப்பது வீண்.

கிலோவை 9.8ஆல் பெருக்கி, வேகத்தை நொடிக்கு மீட்டராக்கிப் பெருக்கினால் வாட் வரும். 10 கிலோமீட்டர் வேகம் நொடிக்கு 2.78 மீட்டர். 66 × 9.8 × 2.78, சுமார் 1,800 வாட். ஆனால் இது படகை நகர்த்தத் தேவையான திறன் மட்டும், பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது இதைவிட மிக அதிகம். சிறிய புரொப்பல்லர் பாதியைத் தின்றுவிடும், மோட்டாரும் கன்ட்ரோலரும் தங்கள் பங்கை எடுக்கும். புரொப்பல்லரை மாட்டி, அதே சுமையோடு, அதே தண்ணீர் வேகத்தில் ஓட்டி மீட்டரைப் பார்த்தோம். 6இல் 700 வாட் எடுத்தது. தராசுக் கணக்கில் 300 வாட்தான் தேவை. அதாவது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தில் 43 சதவீதம்தான் படகை நகர்த்துகிறது. பெரிய படகுகளில் இன்னும் நன்றாக இருக்கும். இந்த அளவு படகில் 60 சதவீதம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

1,800ஐ 0.43ஆல் வகுத்தால் 4.2 கிலோவாட். மேல்நோக்கிய ஒவ்வொரு நடையிலும் 15 நிமிடம் தொடர்ந்து இது வேண்டும். காட்டப்பட்டது 600 வாட். இறங்கும்போது கிடைக்கும் லாபம் ஏறும்போது ஆகும் நஷ்டத்தை ஈடுகட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈடுகட்டாது. ஏற 4.2, இறங்க 0.7, சராசரி 2.45. ஓட்டமே இல்லாத தண்ணீரில் 8 வேகத்துக்கு 1.9 கிலோவாட் போதும். ஆறு ஓடுகிறது என்பதற்காக மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கிறோம். (கரையை ஒட்டி ஓட்டம் குறைவு. அனுபவப்பட்ட ஓட்டுநர் மேலே வரும்போது ஆழம் பார்த்து அந்தப் பக்கமாகவே வருவார். பேட்டரிக்கு அவர் செய்யும் உபகாரம் பெரிது.)

அடுத்து மோட்டார். 5 கிலோவாட் என்று எழுதியிருந்தது உச்சத் திறன், சில நிமிடங்களுக்கு மட்டும். மேல்நோக்கி வரும்போது கொஞ்ச நேரம் 4 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும், அப்புறம் சூடேறி கன்ட்ரோலர் தானாகவே 2.5க்கு இறக்கிவிடும். தொடர்ந்து தரக்கூடியது அவ்வளவுதான். அந்த 2.5 கிலோவாட்டில் படகு தண்ணீருக்குள் 8.6 வேகம் போகும், கரையில் 6.6தான். 15 நிமிட நடை 18 நிமிடமாகிவிடும். காற்று இல்லாத நாளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் படகில் கூரையும் பக்கத் திரையும் உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் எதிர்காற்று அடித்தால் இழுப்பில் 25 கிலோ கூடிவிடுகிறது. அப்போது நேரத்துக்குப் போக பேட்டரியிலிருந்து 5.8 கிலோவாட் வேண்டும், மோட்டார் தண்டில் 5 கிலோவாட் தொடர்ந்து வேண்டும். 2.5க்கு இறங்கிவிட்ட மோட்டாரோடு, ஆட்கள் நிறைந்த படகு ஆற்றின் நடுவே தவழ்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் காற்று நாட்களில் படகை நிறுத்தினோம்.

பேட்டரி விஷயம் இன்னும் மோசம். 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி, லெட் ஆசிட். பெருக்கினால் 9.6 யூனிட் சரிதான். ஆனால் அந்த 200 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்யும் கணக்கு, அதாவது 10 ஆம்பியர். எங்களுக்கு ஏறும்போது 50 முதல் 87 ஆம்பியர் வரை போகிறது. அந்த வேகத்தில் எடுத்தால் லெட் ஆசிட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கொடுக்கும். தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் குறையும். ஆகவே நியாயமாகப் பயன்படுத்தக்கூடியது 5 யூனிட்டுக்கும் கீழே. நான்காவது முறை போய்வந்து முடியும்போதே வோல்டேஜ் சரிகிறது. ஐந்தாவதில் மேல்துறை வந்து சேருமா என்பது சந்தேகம்.

உண்மையான தேவை இதுதான். ஏற 1.05 யூனிட், இறங்க 0.18. இரண்டு துறைகளிலும் படகைத் திருப்பி அணைக்க முன்னும் பின்னும் ஓட்டுவதில் சுமார் 0.2. இதை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு முறை போய்வர 1.43, எட்டு முறைக்கு 11.4. விளக்கு, நீர் இறைக்கும் பம்ப் எல்லாம் சேர்த்து 12.5 யூனிட் என்று வையுங்கள். லெட் ஆசிடுக்குப் பதிலாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டு, அதில் 80 சதவீதம்தான் எடுக்கிறோம், சில ஆண்டுகளில் கொள்ளளவே 80 சதவீதமாகக் குறையும் என்று எடுத்துக்கொண்டால் 12.5ஐ 0.64ஆல் வகுக்க வேண்டும், 19.5 வருகிறது. காற்று நாட்களுக்குக் கால் பங்கு கூட்டினால் 24, 25 யூனிட். மதியம் ஒரு மணி நேரம் துறையில் சார்ஜ் ஏற்ற முடிந்தால் இதைக் குறைக்கலாம். எங்கள் துறையில் அதற்கேற்ற இணைப்பு இல்லை.

விற்பனையாளரிடம் இந்த அளவுகளோடு போனோம். "ஒப்பந்தத்துல 8 கிலோமீட்டர் வேகம்னுதான் இருக்கு, 8 போகுது, காட்டிட்டேன்" என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் எந்தச் சுமையில், எந்தத் திசையில், எத்தனை நடைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. வரைவு எழுதியது அவர்தான், நாங்கள் கொடுத்த விவரங்களை அதில் சேர்க்கவில்லை. பணம் திரும்ப வரவில்லை. ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பியிருக்கிறோம்.

இப்போது வேறு இடத்தில் கேட்கும் விலைப்புள்ளியில் இப்படி எழுதியிருக்கிறோம்: முழுச் சுமையோடு, ஓட்டத்துக்கு எதிராக, கரையை ஒப்பிட்டு மணிக்கு 8 கிலோமீட்டர். மோட்டார் தண்டில் தொடர் திறன் 7 கிலோவாட். ஒரே சார்ஜில் 8 முறை போய்வந்து காட்டிய பிறகு பேட்டரியில் 30 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும். கடைசித் தவணை அந்த ஓட்டம் முடிந்த பிறகுதான். இந்த வரிகளைப் படித்ததும் இரண்டு பேர் விலைப்புள்ளி தராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றாமவர் முதலில் கேட்டதே, "இழுத்துப் பார்த்த தராசு அளவு இருக்கா?" என்றுதான்.