அவசர வேலைக்கு எது சரி: சிவப்பு ஸ்டிக்கரா, தனிப்பாதையா, ஒதுக்கிவைத்த ஆளா?

சேலம் செவ்வாப்பேட்டை வெள்ளிக்கடைகளுக்கும் கொலுசுப் பட்டறைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். கோடு எழுத மூன்று பேர், சோதித்துப் பார்க்க இரண்டு பேர், சுவரில் ஒரு கான்பான் போர்டு. அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு, ‘தேர்வானவை’, ‘செய்வது’, ‘சோதனை’ என்ற கட்டங்கள் வழியாக நகரும். ‘செய்வது’ கட்டத்தில் நான்கு கார்டுக்கு மேல் கூடாது, ‘சோதனை’யில் இரண்டுக்கு மேல் கூடாது. வாரத்தில் ஆறு நாள் வேலை. நாளைக்குச் சராசரியாக ஒரு கார்டு முடியும். அதனால் கையில் எடுத்த கார்டு சராசரியாக ஆறு நாளில் வெளியே போய்விடும்.

இதற்கு நடுவே அவசரம் என்று வருவதை என்ன செய்வது? மூன்று வழிகளையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் செய்தது, அவசரமான கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. எளிதானது, ஆனால் எங்களை மிகவும் கெடுத்தது அதுதான். ஸ்டிக்கருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு மாதத்தில் பாதி போர்டு சிவந்துவிட்டது. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு சாதாரண வேலை பாதியில் நின்றது. கையில் ஆறாக இருந்த வேலை பன்னிரண்டு ஆனது, முடிகிற வேகமோ நாளைக்கு ஒன்றுதான். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதிப்படி, கையில் உள்ள வேலையை முடிகிற வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். பன்னிரண்டை ஒன்றால் வகுத்தால் பன்னிரண்டு நாள். ஆறு நாள் வேலைக்கு இரண்டு வாரம் ஆனதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை.

அடுத்தது தனிப்பாதை. போர்டின் உச்சியில் குறுக்காக ஒரு வரிசை, அதில் ஒரே ஒரு கார்டுக்குத்தான் இடம். அந்தக் கார்டுக்குக் கட்டங்களின் வரம்பு பொருந்தாது. ‘செய்வது’ கட்டத்தில் நான்கு இருந்தாலும் ஐந்தாவதாக நுழையலாம். வரம்பை மீறலாம் என்ற அனுமதியும் ஒன்றுதான் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பழைய ஸ்டிக்கர் கதைதான்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மொத்த வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். புதிய பதிப்பைப் போட்டதும் வெள்ளி எடையின் மூன்று தசம இடங்கள் இரண்டாகி, பில் தொகை மாறுகிறது. கடையில் பில்லே போட முடியவில்லை. கார்டு தனிப்பாதைக்கு ஏறியது. கோடு எழுதும் தம்பி தன் வேலையை நிறுத்துமுன், எந்த இடத்தில் விட்டான் என்று அந்தக் கார்டிலேயே ஒரு வரி எழுதினான். பழைய கார்டை ‘தேர்வானவை’க்குத் திருப்பி அனுப்பவில்லை, அது அங்கேயே இருந்து தன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குத் திருத்தம் தயார். சோதிக்கும் அக்கா ஓடிக்கொண்டிருந்த சோதனையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு இதை எடுத்தார். மூன்று மணிக்கு அனுப்பியாயிற்று. தம்பி நிறுத்திய கார்டுக்கே திரும்பினான், புதிதாக எதையும் இழுக்கவில்லை. இழப்பு ஒரு சாதாரண கார்டுக்கு ஏறக்குறைய அரைநாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அந்த வரிசை காலியாகவே இல்லை என்றால் ஏதோ தவறு. அதைக் கண்டுபிடிக்க, முடியாத ஒவ்வொரு கார்டிலும் தினமும் காலையில் ஒரு புள்ளி வைக்கிறோம். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலான கார்டுகள் ஆறு புள்ளியில் போனாலும், ஒன்றிரண்டு பதினைந்து புள்ளியோடு கிடக்கும். அவசரத்துக்கு விலை கொடுப்பவை அவைதான்.

மூன்றாவது வழி, ஒருவரை அவசரத்துக்கென்றே ஒதுக்குவது. யாரையும் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை என்பதால் சாதாரண வேலை குலுங்காது. ஆனால் மூவரில் ஒருவர் போனால் கோடு எழுதும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அவசரம் வராத நாளில், நிறுத்தினால் கெடாத சின்ன வேலைகளை மட்டுமே அவருக்குத் தர முடியும். வருடம் முழுக்க இது கட்டாது. ஆனால் ஜிஎஸ்டி கணக்கை மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-1 படிவத்துக்கு வழக்கமான கடைசி நாள் 11, GSTR-3B-க்கு 20. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அழைப்புகள் குவியும். அந்த நாட்களுக்கு மட்டும் முறைவைத்து ஒருவரை ஒதுக்குகிறோம். மற்ற நாட்களில் தனிப்பாதை.

தேதி முன்கூட்டியே தெரிந்த வேலை எதையும் தனிப்பாதையில் ஏற்றுவதில்லை. வரிப் படிவத்தில் மாற்றம் வருகிறது என்றால் கார்டில் தேதியை எழுதி, ஆறு நாளுக்குப் பதில் பத்து நாள் முன்பே சாதாரண வரிசையில் இழுத்துவிடுகிறோம். முன்பு எங்களுக்கு வந்த ‘அவசரங்களில்’ கணிசமானவை இப்படித் தாமதமாகத் தொடங்கியவைதான்.

தனிப்பாதையில் ஒரு கார்டு இருக்கும்போதே இரண்டாவது அவசரம் வந்தால், கேட்பவரை போர்டின் முன்னால் கூட்டிவந்து நிறுத்துகிறோம். “இதோ, இந்தக் கடையில் பில் நின்றுபோயிருக்கிறது. இதை இறக்கிவிட்டு உங்களுடையதை ஏற்றட்டுமாங்க?” என்று கேட்கிறோம். பெரும்பாலும், “சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்கிறார்கள்.