ஒரு /24 நெட்வொர்க்கை நான்காகப் பிரித்த கணக்கு: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய அலுவலகம். கணக்குப் பிரிவு, கிடங்கு, சிசிடிவி, விருந்தினர் வைஃபை என்று அங்கே நான்கு பகுதிகள். முதலில் எல்லாமே 192.168.10.0/24 என்ற ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. அதை நான்கு சம பாகங்களாகப் பிரித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கணக்கைச் சரிபார்த்த முறையையும், பிறகு சிக்கல் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

நான்கு பாகம் வேண்டுமென்றால் ஹோஸ்ட் பக்கத்திலிருந்து இரண்டு பிட் எடுக்க வேண்டும். 128 + 64 = 192, ஆகவே மாஸ்க் 255.255.255.192, அதாவது /26. மூன்று பிரிவுகள்தான் என்றாலும் சமமாகப் பிரிக்க நான்காகத்தான் வெட்ட முடியும், ஒன்று சும்மா கிடக்கும். 256இலிருந்து 192ஐக் கழித்தால் 64. இதுதான் ஒவ்வொரு பாகத்தின் அளவு, எனவே பாகங்கள் 0, 64, 128, 192 என்ற எண்களில் தொடங்கும். அடுத்த பாகத்தின் தொடக்க எண்ணில் ஒன்றைக் குறைத்தால் பிராட்காஸ்ட் முகவரி கிடைக்கும்: 63, 127, 191, 255. தொடக்க முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும் போக ஒரு பாகத்துக்கு 62 முகவரிகள். கேட்வேக்கு ஒன்று போனால் சாதனங்களுக்கு 61.

கையால் போட்ட கணக்கைக் கணினியிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பைத்தான் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
python3 -c "import ipaddress as i; [print(n, n.broadcast_address) for n in i.ip_network('192.168.10.0/24').subnets(new_prefix=26)]"
```

நான்கு வரிகள் வர வேண்டும். கடைசி வரி 192.168.10.255 என்று முடிய வேண்டும். எட்டு வரி வந்தால் 27 என்று தட்டிவிட்டீர்கள், இரண்டே வரி வந்தால் 25.

இந்தக் கணக்கு தாளில் தவறுவது அபூர்வம். சாதனத்துக்குள் கையால் தட்டும் மாஸ்க்கில்தான் அது தவறுகிறது. கிடங்கில் இருந்த லேபிள் பிரிண்டரின் முகவரி 192.168.10.70. அதில் மாஸ்க் 255.255.255.128 என்று பதிந்திருந்தது. கிடங்குக் கணினிகளிலிருந்து லேபிள் ஒழுங்காக வந்தது. பிரிண்டரால் இணையத்துக்கும் போக முடிந்தது. கணக்குப் பிரிவில் 192.168.10.20 கணினியிலிருந்து அனுப்பினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இப்படி எல்லாம் வேலை செய்து ஒரே ஒரு பிரிவு மட்டும் எட்டாமல் போனால், முதலில் மாஸ்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் எளிது. பிரிண்டர் தன் முகவரியின் கடைசி எண்ணையும், பதில் போக வேண்டிய முகவரியின் கடைசி எண்ணையும் மாஸ்க்கோடு பிட் பிட்டாக ஒப்பிடுகிறது. 192 மாஸ்க்கில் 70க்கு 64 வரும், 20க்கு 0 வரும், ஆகவே இரண்டும் வேறு பாகம். 128 மாஸ்க்கிலோ இரண்டுக்கும் 0 வருகிறது. கணக்குப் பிரிவுக் கணினி தன் பக்கத்திலேயே இருப்பதாக பிரிண்டர் நினைத்துக்கொள்கிறது, பதிலைக் கேட்வேயிடம் கொடுக்காமல் நேரடியாகத் தேடுகிறது. செய்தி பிரிண்டர்வரை வந்து சேர்கிறது, பதில்தான் திரும்பிப் போவதில்லை. 128, 192 பாகங்கள் இந்தத் தவறான மாஸ்க்குக்கும் வெளியே இருப்பதால் அங்கே போகும் பதில் கேட்வே வழியாகச் சரியாகவே போய்விடும். அதனால்தான் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

இதை உறுதிப்படுத்த பிரிண்டரைத் தொடவே வேண்டாம். கிடங்குப் பக்க ஸ்விட்சில் ஒரு மடிக்கணினியைச் செருகி வயர்ஷார்க்கைத் திறந்து, கணக்குப் பிரிவிலிருந்து பிரிண்டருக்கு பிங் அனுப்பச் சொல்லுங்கள். இந்த வரி திரும்பத் திரும்ப வந்தால் கதை முடிந்தது:

```
Who has 192.168.10.20? Tell 192.168.10.70
```

சரியான மாஸ்க் உள்ள சாதனம் அடுத்த பாகத்து முகவரியை இப்படிக் கூவித் தேடாது, கேட்வேயின் முகவரியைத்தான் தேடும். மாஸ்க்கைத் திருத்தியதும் அந்த வரி நின்றுவிடும். அதன் பிறகு எந்தப் பிரிண்டருக்கும் கையால் முகவரி தட்டாமல், டிஹெச்சிபி சர்வரிலேயே அதன் முகவரியை ஒதுக்கி வைப்பதே நல்லது. மாஸ்க் ஒரே இடத்திலிருந்து வரும், அங்கே சரியாக இருந்தால் எங்கும் சரி.

பிரிப்பதற்கு மாஸ்க் மட்டும் போதாது. ஸ்விட்சில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விலான் இல்லையென்றால், டிஹெச்சிபி கோரிக்கைகள் எல்லாருக்கும் கேட்கும், சிசிடிவி கேமராவுக்குக் கணக்குப் பிரிவு முகவரி கிடைத்துவிடலாம்.

சமமாகப் பிரித்ததன் குறை விருந்தினர் வைஃபையில்தான் தெரிந்தது. சிசிடிவிப் பாகத்தில் பெரும்பாலான முகவரிகள் காலியாகக் கிடக்க, இங்கே ஆளுக்கு இரண்டு கைப்பேசி என்று 61 முகவரிகளும் தீர்ந்துவிடும். சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் 169.254 என்று தொடங்கும் முகவரிதான் வரும். டிஹெச்சிபி லீஸ் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் வந்துபோகிறவர்களின் முகவரிகள் சீக்கிரம் திரும்பக் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் இந்தப் பாகத்தை மட்டும் பெரிதாக்க முயலாதீர்கள், பக்கத்தில் 128இல் தொடங்கும் சிசிடிவிப் பாகம் இடிக்கும். விருந்தினருக்கு 192.168.11.0/24 என்று தனி நெட்வொர்க்கே கொடுத்துவிடுங்கள்.