மண்டபமும் முகூர்த்த நேரமும் முடிவாகாதபோது பத்திரிகையில் என்ன எழுதுவது?

நிச்சயம் முடிந்துவிட்டது. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம், ஊர் தஞ்சாவூர் என்பது வரை இரு வீட்டாரும் பேசிவிட்டார்கள். ஆனால் இரண்டு மண்டபங்களில் கேட்டிருக்கிறார்கள், எது கிடைக்கும் என்று தெரியவில்லை. ஜோசியர் காலை 6.00-7.30, 9.00-10.30 என்று இரண்டு நேரங்களைக் கொடுத்து, பெண் ஜாதகத்தை இன்னொரு முறை பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். அதற்குள் பெங்களூரில் இருக்கும் அத்தை, "எப்ப டிக்கெட் போடணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. திறந்த சில நாட்களிலேயே வாரக்கடைசி வண்டிகள் நிரம்பிவிடுகின்றன. அதனால் உறவுக்காரர்கள் அவசரப்படுவது நியாயம்தான்.

இந்த நிலையில் குடும்பங்கள் மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கின்றன. எல்லாம் முடிவாகும் வரை வாய் திறக்காமல் இருப்பது ஒன்று. இடம், நேரம் மட்டும் விட்டுவிட்டுப் பத்திரிகையை அடித்துவிடுவது இன்னொன்று. முதலில் நாளை மட்டும் தெரிவித்துவிட்டு, பத்திரிகையைப் பிறகு நேரில் வைப்பது மூன்றாவது.

காத்திருப்பதில் இருக்கும் பெரிய நன்மை, பத்திரிகை முழுதாக வரும். நம் பத்திரிகை வாசகம் ஒரே நீண்ட வாக்கியம். "நிகழும் மங்களகரமான பராபவ வருடம் ஆவணி மாதம்" என்று தொடங்கி, தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், "கூடிய சுபயோக சுபதினத்தில்", மணி, லக்னம், மணமக்கள் பெயர், மண்டபம், "நடைபெற இருப்பதால் தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று போய் முடியும். இதில் நடுவிலிருந்து ஒன்றை உருவினால் மிச்சம் நிற்காது. நேரம் இல்லாமல் லக்னம் எழுத முடியாது. திதியும் நட்சத்திரமும்கூட அன்று காலையிலேயே மாறக்கூடும் என்பதால், நேரம் தெரியாமல் அவற்றை எழுதுவதும் சரியில்லை. குலதெய்வத்துக்கு வைக்கும் முதல் பத்திரிகையும் தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் பத்திரிகையும் இப்படி முழுதாக இருக்க வேண்டும் என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பார்கள். குறை ஒன்றுதான்: வெளியூர்க்காரர்களுக்கு நாள் தெரியாமல் போகிறது.

இரண்டாவது வழியில் பத்திரிகை பெரும்பாலும் இப்படி வரும்:

> "...ஆவணி மாதம் (தேதி) வெள்ளிக்கிழமை சுபமுகூர்த்த வேளையில் எங்கள் மகள் திருவளர்ச்செல்வி (பெயர்) - திருவளர்ச்செல்வன் (பெயர்) திருமணம் நடைபெற உள்ளது. இடமும் நேரமும் பின்னர் அறிவிக்கப்படும்."

எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. "பின்னர் அறிவிக்கப்படும்" என்பது பொதுக்கூட்ட நோட்டீஸின் தொனி. யார் அறிவிப்பார்கள், எப்போது என்று எதுவும் இல்லை. நேரம் முடிவான பிறகு ஒட்டுச் சீட்டு அடித்து ஒட்டினாலோ, உள்தாள் வைத்தாலோ, ஏற்கெனவே கொடுத்த வீடுகளுக்கு அது போய்ச் சேராது. இரண்டு விதப் பத்திரிகைகள் ஊரில் சுற்றும். அப்புறம் திருமணப் பதிவு இருக்கிறது. பதிவுக்குக் கொடுக்கும் ஆவணங்களோடு கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்துக் கொடுப்பது இங்கே வழக்கம். இடம் இல்லாத பத்திரிகையையோ பேனாவால் எழுதிச் சேர்த்ததையோ கொண்டுபோனால் அங்கே கேள்வி வரும்.

இந்த வழியை ஒரே ஒரு நிலையில் ஒத்துக்கொள்ளலாம். மண்டபம் உறுதி, நேரம் மட்டும் பாக்கி என்றால் "சுபமுகூர்த்த வேளையில்" என்று எழுதி, முதல் நாள் மாலை வரவேற்பின் மணியைத் தெளிவாகப் போட்டுவிடலாம். வரவேற்புக்கு வந்து தங்குபவர்கள் தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட மாட்டார்கள். காலையில் நேரே வருபவர்களுக்குத்தான் சிக்கல். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நேரம் போடாத பத்திரிகையைப் பார்த்தால் "ஒன்பது, பத்தரையாத்தான் இருக்கும்" என்று தாங்களே முடிவுசெய்துகொள்வார்கள். ஜோசியர் கடைசியில் 6.00-7.30 என்று சொல்லிவிட்டால், அவர்கள் வரும்போது பந்தி நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வழிதான் இந்தத் தஞ்சாவூர் வீட்டுக்குச் சரி என்பேன். ஆனால் அதன் வாசகத்தில் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் போகும் மடலில் "வருகை தந்து வாழ்த்தியருள" என்று ஒரு வரி வந்துவிட்டால், அதையே பத்திரிகையாக எடுத்துக்கொண்டு, "போன்ல அனுப்பிட்டு முடிச்சுட்டாங்க" என்று மனம் வருந்துவார்கள். பெரியப்பா, சித்தப்பா வீடுகளில் இந்த வருத்தம் கல்யாணத்துக்குப் பிறகும் தீராது. ஆகவே மடலில் அழைப்பே இருக்கக் கூடாது, செய்தி மட்டும் இருக்க வேண்டும். நேரில் வருவோம் என்பதை அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

> "அன்புடையீர், வணக்கம். எங்கள் மகள் (பெயர்), (ஊர்) திரு. (பெயர்) அவர்களின் மகன் (பெயர்) திருமணம் பெரியோர்கள் ஆசியுடன் ஆவணி மாதம் (தேதி) வெள்ளிக்கிழமை காலை தஞ்சாவூரில் நடத்துவதாக நிச்சயிக்கப்பட்டுள்ளது. முதல் நாள் வியாழன் மாலையே வந்து எங்களோடு தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மண்டபமும் முகூர்த்த நேரமும் முடிவானதும் பத்திரிகையுடன் நேரில் வந்து அழைக்கிறோம்.
> தங்கள் அன்புள்ள,
> (தாய், தந்தை பெயர்)"

இதில் வியாழன் மாலை என்ற வரிதான் முக்கியம். முகூர்த்தம் ஆறு மணியானாலும் ஒன்பது மணியானாலும் முதல் நாள் வந்தவர்களுக்கு மாற்றம் இல்லை. பெங்களூர் அத்தை இதை வைத்தே டிக்கெட் போட்டுவிடலாம். "சுபயோக சுபதினத்தில்", திதி, நட்சத்திரம் எதுவும் இதில் இல்லை. அவை பத்திரிகைக்கு உரியவை. எந்த மண்டபங்களில் கேட்டிருக்கிறோம் என்பதையும் எழுதக் கூடாது. இரண்டு பெயரைப் போட்டால் ஆளுக்கொன்றை நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஊரே முடிவாகவில்லை என்றால், பெண் ஊரா மாப்பிள்ளை ஊரா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், மடல் அனுப்பாமல் இருப்பதே நல்லது. நெருங்கியவர்களுக்கு மட்டும் போன் செய்து நாளைச் சொன்னால் போதும். அதேபோல மாசியா சித்திரையா என்று மாதமே ஊசலாடினால் வருடப் பெயரை எழுத வேண்டாம். சித்திரை பிறந்தால் வருடம் மாறிவிடும்.

மடலை அனுப்பும் முன் சம்பந்தி வீட்டாரிடம் காட்டி, இரு பக்கமும் ஒரே வாசகம் போகும்படி செய்ய வேண்டும். பெண் வீட்டு மடலில் "காலை" என்றும் மாப்பிள்ளை வீட்டு மடலில் "காலை 9 மணி அளவில்" என்றும் இருந்தால், அந்த ஒன்பது மணிதான் எல்லார் மனத்திலும் நிற்கும்.

காத்திருக்கும் நாட்களில் அச்சகத்து வேலையில் முக்கால்வாசியை முடித்துவிடலாம். அட்டையைத் தேர்ந்தெடுத்து, பெயர்களை எல்லாம் கோத்து, புரூஃப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை தாமதமாவது பெரும்பாலும் அச்சடிப்பதால் இல்லை. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதன் கீழே யார் பெயர் முதலில், தாய்மாமன் பெயர் எங்கே, பேரக்குழந்தைகளைச் சேர்ப்பதா என்ற பேச்சால்தான். அது முடிந்திருந்தால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, ஜோசியர் நேரம் சொன்ன அன்றே திதி, மணி, லக்னம், மண்டபம் என்ற வரிகளை நிரப்பி அச்சுக்குக் கொடுத்துவிடலாம். முன்பணம் கட்டிய ரசீது கையில் வரும் முன்பு மட்டும் மண்டபத்தின் பெயரை அச்சில் ஏற்ற வேண்டாம்.